வற் கடிதம் வந்திருக்கு, விடிஞ்சா வரிக்கந்தோர்

சந்திக்கடை | 2025 செப்டெம்பர் 10, இரவு 8.52

மாங்குளம் சந்தியில தேத்தண்ணிக்கடை வைச்சிருக்கிறன். பெறுமதி சேர் வரி எண்டு கடிதம் வந்திருக்கு. நாளைக்குக் காலமை 10 மணிக்கு வரட்டாம். பிளேன்ரீ 40 ரூபாவுக்கு விக்கிறவனுக்கும் வற் வருமோ?

கடிதம் வந்தது போன புதன்கிழமை. மனிசி கையெழுத்து வைச்சு வாங்கி, ஏதோ பாங்க் கடிதமாக்கும் எண்டு பிள்ளையார் படத்துக்குப் பின்னால செருகிப்போட்டா. இண்டைக்குப் பின்னேரம் சாம்பிராணி காட்டேக்க என்ர காலடியில விழுந்தது. முழுக்க இங்கிலிஷ். பக்கத்து வீட்டு ரீச்சர் வாசிச்சுச் சொன்னா: இந்த வருசம் ஜனவரி தொடக்கம் மார்ச் வரைக்கும் என்ர கணக்குக்கு 16,340,000 ரூபா வந்திருக்காம். மூண்டு மாதத்தில 15 மில்லியன் தாண்டினா வற்றுக்குப் பதியோணுமாம். ஏன் பதியேல்லை எண்டு பாங்க் கூற்றோட வந்து விளங்கப்படுத்தட்டாம்.

ஒரு கோடி அறுபத்துமூண்டு லட்சம். என்ர கடைக்கு! 18 வீதம் எவ்வளவெண்டு தட்டிப் பாத்தன். 2,941,200. அதோட கல்குலேற்றரைக் கவிட்டு வைச்சிட்டன்.

புளியங்குளத்தான் | 9.05

அண்ணை பயப்பிடாதேங்கோ. வற் வாறது வருசம் 80 மில்லியனுக்கு மேல யாவாரம் செய்யிற ஆக்களுக்குத்தான். நான் முந்தி லொறிக் கொம்பனியில இருந்தனான், எனக்கு வடிவாத் தெரியும். கடிதத்தைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் படுங்கோ.

கணக்கப்பிள்ளை | 9.31

எறியாதேங்கோ. 80 மில்லியன் பழைய கதை, தம்பி. 2024 ஜனவரி 1 இலயிருந்து வருசத்துக்கு 60 மில்லியன், காலாண்டுக்கு 15 மில்லியன். ரெண்டில ஒண்டு தாண்டினாலும் பதியோணும். கடிதத்தில இருக்கிற 15 அதுதான்.

சந்திக்கடை அண்ணை, எனக்கு ரெண்டு விசயம் சொல்லுங்கோ. கடிதத்தில எங்கையாவது “இவ்வளவு கட்டு” எண்டு ஒரு தொகையும் மதிப்பீட்டு இலக்கமும் போட்டிருக்கோ? மற்றது, உந்த 16.34 மில்லியன் எங்கயிருந்து வந்தது? தேத்தண்ணியில வந்திராது.

ரொறன்ரோ மருமகன் | 9.44

இங்க கனடாவில 30,000 டொலர் தாண்டினாப் பதியோணும் மாமா. நான் போன வருசம் கேற்றரிங் தொடங்கேக்க பதிஞ்சனான், ஒன்லைனில 20 நிமிசம். அங்கயும் அப்பிடித்தானே? பதிஞ்சா வாங்கின சாமானில கட்டின வரி திரும்பி வரும், நல்ல விசயம். ஏன் கவலைப்படுறியள்?

சந்திக்கடை | 10.02

மருமகன், உங்க வெயில் இருக்கிற நேரம். இங்க எனக்கு விடிய நாலுக்குப் பால் வந்திடும்.

கணக்கப்பிள்ளை ஐயா, தொகை ஒண்டும் இல்லை. இலக்கம் எண்டு மேல ஒரு கோப்பு இலக்கம் மட்டும் கிடக்கு.

காசு வந்த கதை சொல்லுறன். காலபோக வெட்டு நேரம் தெற்கிலயிருந்து ரெண்டு ஆலைக்காரர் லொறி அனுப்புவினம். அவைக்கு இங்க ஆளில்லை. என்ர கணக்குக்குக் காசு போடுவினம், நான் கமக்காரருக்கு எண்ணிக் குடுத்து, தராசில நிண்டு ஏத்திவிடுவன். கிலோவுக்கு ஒரு ரூபா எனக்கு. அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்கு 120 எண்டு சொன்னதுதான், ஆனா அதுக்கு ஈரம் 14 வீதத்துக்குள்ள நிக்கோணும். வயல் கரையில, வெட்டின கையோட, கைக்காசா எண்டா 118. ஒம்பது லொறி போனது. அதைவிட சுவிஸில இருக்கிற தம்பி வீடு கட்ட அனுப்பின காசும், எனக்கு விழுந்த சீட்டுக்காசும் அதே கணக்குக்குத்தான் வந்தது.

ஒரே ஒரு கணக்கு. 2010 இல திரும்பி வந்து தகரக் கொட்டிலில கடை போடேக்க திறந்தது.

கணக்கப்பிள்ளை | 10.20

அப்ப இது மதிப்பீடு இல்லை, விளக்கம் கேட்ட கடிதம். ரெண்டுக்கும் வித்தியாசம் பெரிசு. மதிப்பீடு எண்டா அதில ஒரு தொகை இருக்கும், அண்டையிலயிருந்து மேன்முறையீட்டுக்கு 30 நாள் ஓடத் தொடங்கும். இது இன்னும் கேள்விதான். மறுமொழி சொல்லாமல் விட்டாத்தான் அது மதிப்பீடாகும். அவை கையில இருக்கிறது 16.34 எண்ட இலக்கம் மட்டும், அதை வைச்சுத்தான் போடுவினம்.

நீங்கள் 18 ஆல பெருக்கின 29 லட்சத்தை மறவுங்கோ. பாங்குக்கு வந்த காசும் யாவாரமும் ஒண்டில்லை. இண்டைக்கு இரவு ஒரே ஒரு வேலைதான். உந்த 16.34 ஐ நாலாப் பிரிச்சு, ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஒரு துண்டு வைக்கிறது.

நெல்லுக்கு வற் இருக்கோ இல்லையோ எண்ட வாதத்துக்கே போகாதேங்கோ. நெல் உங்கட இல்லை, காசும் உங்கட இல்லை எண்டதைத்தான் முதல் காட்டோணும்.

ஒட்டுசுட்டான் அக்கா | 10.26

எனக்கும் வந்தது தம்பி! நான் தையல்கடை. ஒம்பது இலக்கத்தில ஒரு நம்பர் போட்டு அனுப்பியிருந்தவை. வற் போட்டிட்டாங்கள் எண்டு ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லை.

கணக்கப்பிள்ளை | 10.33

அக்கா, அது உங்கட ரின், வரி செலுத்துநர் இலக்கம். 18 வயசு தாண்டின எல்லாருக்கும் குடுக்கிறது. வற் பதிஞ்ச ஆளெண்டா அதே இலக்கத்துக்குப் பின்னால -7000 எண்டு வால் நிக்கும். உங்களுக்குத் துணி தாற மொத்தக்கடைக்காரன்ர பில்லைத் திருப்பிப் பாருங்கோ, மேல இருக்கும். சோத்தைச் சாப்பிடுங்கோ.

சந்திக்கடை | 11.15

கடை பூட்டியாச்சு. மேசையைத் துடைச்சு பிஸ்கற் ரின்னைக் கவிட்டுக் கொட்டினன். என்ர பேப்பர் எல்லாம் அதுக்குள்ளதான். 2009 இல கையில கொண்டு திரிஞ்சதும் இப்பிடி ஒரு ரின்தான். அதில காணி உறுதி, இதில தராசுத் துண்டு.

பாங்க் கூற்றில மகள் கலர் பென்சிலால கோடு கீறுறாள். நெல்லுக்குப் பச்சை, சித்தப்பாவுக்கு நீலம், சீட்டுக்குச் சிவப்பு. மிச்சம் கடை. முதல் கூட்டல்:

தம்பி அனுப்பினது 1,900,000. இதில பிரச்சினை இல்லை, வெளிநாட்டுக் காசெண்டு கூற்றிலயே எழுதியிருக்கு. சீட்டு 400,000. சீட்டுக் கொப்பி தலைவியிட்ட, விடிய வாங்கலாம். நெல்லு 11,186,000. கழிச்சா மிச்சம் 2,854,000, அது கடைக்காசு.

மூண்டு மாதத்துக்கு 28 லட்சம். இப்பதான் மூச்சு வந்தது.

சந்திக்கடை | 11.50

மூச்சு திரும்பவும் போட்டுது. தராசுத் துண்டு ஒம்பதில நாலு வெள்ளை. எழுத்தே இல்லை! பழுதாகாமல் இருக்கட்டும் எண்டு பிளாஸ்ரிக் கவருக்குள்ள போட்டு வைச்சதுகள்தான் நாலும். சும்மா ரின்னுக்க கிடந்த அஞ்சும் வாசிக்கலாம். உது என்ன நியாயம்?

புளியங்குளத்தான் | 11.58

அண்ணை, அயன்பொக்ஸை லேசாச் சூடாக்கி மேலால இழுத்துப் பாருங்கோ. எழுத்து திரும்பும்.

சந்திக்கடை | 12.09

ஒண்டை இழுத்துப் பாத்தன். முழுத்துண்டும் கறுப்பு. இப்ப வெள்ளை மூண்டு, கறுப்பு ஒண்டு.

கணக்கப்பிள்ளை | 12.15

ஐயோ! அது மை இல்லை, சூட்டில கறுக்கிற கடதாசி. எண்ணெய் பட்டாலும் மெல்லிய பிளாஸ்ரிக் கவரோட ஒட்டிக் கிடந்தாலும் எழுத்து போகும். அயன் வைச்சா எல்லாம் ஒரேயடியாக் கறுக்கும். மற்றதுகளைத் தொடாதேங்கோ. ரோச்சைச் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ, சிலவேளை நிழல் மாதிரித் தெரியும். தெரிஞ்சா மகளைக் கொண்டு படமெடுத்து வையுங்கோ. இனி எந்தத் துண்டு வந்தாலும் அண்டைக்கே போட்டோக்கொப்பி.

ஆனா துண்டு போனதால கதை முடியேல்லை. ஒரு லொறிக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எந்த நாள்? அதைச் சொல்லுங்கோ.

சந்திக்கடை | 12.48

ரோச்சில ரெண்டு தெரிஞ்சுது. நிறை மட்டும். லொறி நம்பர் இல்லை.

பெப்ரவரி 14 லொறியைப் பாப்பம். 10,000 கிலோ. 118 படி கமக்காரருக்கு 1,180,000. என்ர ஒரு ரூபாவோட ஆலைக்காரர் போட்டது 1,190,000. கூற்றில 14 ஆந் திகதி 1,190,000 வரவு, அடுத்த நாள் காலமை 1,180,000 பாங்கில எடுத்தது. சீஆர் கொப்பியில மூண்டு கமக்காரரின்ர கையெழுத்து, 15 ஆந் திகதி. மகள் மூண்டையும் ஒரே பச்சைக் கோட்டால இணைச்சுப்போட்டு, “அப்பா, இது கணக்குப் பாடத்தைவிட லேசு” எண்டுறாள்.

வந்த காசு, எடுத்த காசு, கையெழுத்து மூண்டும் பொருந்தின லொறி ஆறு. கையெழுத்தில்லாமல் வரவும் எடுப்பும் மட்டும் பொருந்தினது ரெண்டு.

ஒண்டு பொருந்துதில்லை. அதுவும் 10,000 கிலோதான், ஆனா சிவராத்திரி லொறி. பெப்ரவரி 25 காசு விழுந்தது, 26 பாங்க் பூட்டு. கமக்காரர் விரதத்தோட வந்து கடை வாசலில நிக்கிறார். ஹாட்வெயார்க்காரரிட்டக் கைமாத்தா வாங்கிக் குடுத்திட்டன். பேந்து அவருக்குத் துண்டு துண்டாத் திருப்பினன், மாச் நடு வரைக்கும். கூற்றில அது எங்க எண்டு எனக்கே தெரியேல்லை. கொப்பியிலயும் கையெழுத்து இல்லை. விரதக்காரனைப் பிடிச்சு வைச்சு கையெழுத்து வாங்கவோ?

புளியங்குளத்தான் | 12.55

இது சின்ன விசயம். ஒரு பேப்பரில நீங்களே எழுதி ஆரையும் கொண்டு கீறி விடுங்கோ. ஆர் பாக்கப் போகினம்.

கணக்கப்பிள்ளை | 1.06

செய்யாதேங்கோ. நல்லது கெட்டதை விடுங்கோ, தேவையே இல்லை. அந்த 1,190,000 ஐ முழுக்க உங்கட கடை யாவாரம் எண்டே எடுத்தாலும் 15 மில்லியனுக்குக் கிட்டவும் வராது. உண்மையான ஓட்டை ஒண்டு இருந்தா “ஓட்டை” எண்டு எழுதிக் குடுக்கலாம். கள்ளக் கையெழுத்து ஒண்டு பிடிபட்டா ஆறு நல்ல கையெழுத்தும் அதோட போகும்.

இன்னொண்டு. உங்கட கிலோவுக்கு ஒரு ரூபா எங்க? நீங்கள் பிரிச்ச நாலுக்குள்ள அதைக் காணேல்லை.

சந்திக்கடை | 1.20

அது நெல்லுக் காசுக்குள்ளதானே கிடக்கு. வேணுமெண்டு மறைக்கேல்லை.

சந்திக்கடை | 1.34

கொஞ்சம் மறைக்கத்தான் பாத்தனான். 94,000 கிலோ, 94,000 ரூபா. மூண்டு மாதம் வெயிலில நிண்ட காசு. அதைத் தனியா எழுதினா அதுக்கும் ஏதாவது கேப்பினமோ எண்டு பயம்.

கணக்கப்பிள்ளை | 1.41

அதுதான் உங்கட சாட்சி, அண்ணை. நெல்லை வாங்கி வித்தவன் எண்டா விலை ஏறி இறங்கும், ஒரு லொறியில லாபம், ஒண்டில நட்டம். உங்களுக்கு ஒம்பது லொறிக்கும் ஒரே ரூபா. நீங்கள் யாவாரி இல்லை, தரகர் எண்டதை வேற எந்தப் பேப்பர் காட்டும்? கடை விற்பனை, அதுக்குக் கீழ தரகு 94,000 எண்டு முன்னாலயே எழுதுங்கோ. வருமான வரி வேற கதை, வேற நாள்.

இனி கடை. நாளுக்கு எவ்வளவு விக்கிறியள்? எங்க எழுதி வைச்சிருக்கிறியள்?

சந்திக்கடை | 1.52

எழுதிறேல்லை. லாச்சியைப் பூட்டேக்க எண்ணுவன். மகள் சில நாள் சுவர்க் கலண்டரில பென்சிலால எழுதுவாள், தன்ர விளையாட்டுக்கு. இப்ப கழட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். 51 நாள் இருக்கு. சராசரி 38,000 கிட்ட வருது. மூண்டு மாதம் 90 நாள், பொங்கலுக்கும் ஒரு செத்தவீட்டுக்கும் பூட்டினது, 88 நாள். 3,344,000.

பாங்குக்குப் போனதைவிட நாலு லட்சத்து 90 ஆயிரம் கூட. அது லாச்சியிலயிருந்தே பால், காஸ், பொடியன்ர சம்பளம் எண்டு போனது. பாங்குக்கு வராத காசையும் நானே போய்ச் சொல்லவோ?

கணக்கப்பிள்ளை | 2.03

சொல்லுங்கோ. அவை எப்பிடியும் தேயிலையால பிடிப்பினம். சாப்பாட்டுக்கடை எண்டா மா, எண்ணெய். தேத்தண்ணிக்கடை எண்டா தேயிலைத்தூள். வாங்கின பில்லைக் கேட்டு, கிலோவுக்கு இத்தினை கோப்பை எண்டு பெருக்கினா உங்கட விற்பனை தெரியும். நீங்களே முதல் பெருக்கிப் பாருங்கோ, கலண்டரோட ஒத்து வருதோ எண்டு.

சந்திக்கடை | 2.27

மொத்தக்கடை பில்லின்படி தூள் 54 கிலோ. என்ர கடையில ஒரு கிலோவுக்கு 350 கோப்பை. 18,900 கோப்பை. நாளுக்கு 215. அதில பால் தேத்தண்ணி 85 எண்டு வைச்சா 8,500, பிளேன்ரீ 130 க்கு 5,200. மொத்தம் 13,700. மிச்சம் 24,300 ரோல்ஸ், வடை, றொட்டி, சோடா, சிகரெட். சரியாத்தான் இருக்கு. காலமை ஏ9 பஸ்ஸுகள் நிக்கிற அரை மணித்தியாலத்தில வடை மட்டுமே நூறுக்கு மேல போகும்.

பால்மாவையும் பாத்தன். 85 கோப்பைக்கு நாளுக்கு நாலே கால் பைக்கற் போகோணும், பில்லில நாலுக்குக் கொஞ்சம் கூட. வித்தியாசம் ஏனெண்டு மனிசிக்குத்தான் தெரியும். கேக்கேல்லை.

புளியங்குளத்தான் | 2.31

கிலோவுக்கு 350 ஆ? எங்கட சந்தியில 450 எடுப்பினம் அண்ணை.

சந்திக்கடை | 2.33

உங்கட சந்தியில நான் குடிச்சிருக்கிறன். தேத்தண்ணிக்குள்ளால கோப்பைக்கு அடியில இருக்கிற சின்னம் தெரிஞ்சுது.

ஒட்டுசுட்டான் அக்கா | 2.40

நித்திரை வருகுதில்லை, வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். தம்பி, கடிதத்தைத் தமிழில கேட்டிருக்கலாமே? வடக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பிலயே கிடக்கு. நீங்கள் குடுக்கிற மறுமொழியையும் தமிழில எழுதுங்கோ. நான் அப்பிடித்தான் குடுத்தனான், வாங்கினவை.

சந்திக்கடை | 3.38

எழுதி முடிஞ்சுது. தமிழில, ஒண்டரைப் பக்கம். ரீச்சரின்ர சொல்லில்லை, என்ர சொல். கணக்கப்பிள்ளை ஐயா சொன்னபடி ஓட்டையையும் போட்டன்: “26.02.2025 லொறிக்கு கமக்காரரின் கையெழுத்து என்னிடம் இல்லை. பாங்கு பூட்டு எண்டபடியால் கைமாற்றாக வாங்கிக் கொடுத்தேன்.” “எண்டபடியால்” ஐ மகள் “என்பதால்” எண்டு திருத்திப்போட்டாள்.

பேப்பரை அடுக்கின ஒழுங்கு: மேல மறுமொழி, பேந்து மூண்டு நிறம் கீறின கூற்று, பிறகு லொறி ஒண்டுக்கு ஒரு கட்டு, கடைசியில தேயிலைப் பில். எல்லாம் ரெண்டு பிரதி வேணும். போட்டோக்கொப்பிக் கடை எட்டுக்குத்தான் திறக்கும். கலண்டரை அப்பிடியே சுருட்டிக் கொண்டுபோறன், முன்பக்கம் முருகன்.

பால்காரன்ர மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குது. அடுப்பு மூட்டோணும்.

ரொறன்ரோ மருமகன் | 3.55

மாமா பதிஞ்சிட்டியளோ?

சந்திக்கடை | 2025 செப்டெம்பர் 11, பின்னேரம் 4.10

வந்திட்டன். பத்து மணிக்கு எண்டு சொல்லி பதினொண்டரைக்குக் கூப்பிட்டவை. உத்தியோகத்தர் சின்னப்பிள்ளை ஒண்டு, என்ர மகளைவிட அஞ்சாறு வயசு கூட இருக்கும். கூற்றைப் பாத்திட்டு “ஆர் கலர் அடிச்சது?” எண்டு கேட்டா. முதல் பச்சையைத்தான் பிடிச்சா. ஆறு லொறிக் கட்டையும் ஒவ்வொண்டாப் பாத்தா, ஒண்டும் சொல்லேல்லை. கறுப்புத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சா. நடந்ததைச் சொன்னன். சிரிச்சவ.

கலண்டரை நம்பேல்லை. தேயிலைப் பில்லைக் கேட்டு தானே பெருக்கினா, கிலோவுக்கு 400 படி. கூடத்தான் வந்தது, ஆனா அதுவும் 15 மில்லியனுக்குக் கனதூரம்.

பதியத் தேவையில்லை எண்டு வாயால சொல்லேல்லை. கையெழுத்தில்லாத மூண்டு லொறிக்கும் ஆலைக்காரரிட்டயிருந்து கடிதமும், சிவராத்திரி லொறிக்குக் கமக்காரரின்ர கையெழுத்தும் ரெண்டு கிழமைக்குள்ள வேணுமாம். மறுமொழியின்ர என்ர பிரதியில திகதி முத்திரை அடிச்சு வாங்கினன்.

கணக்கப்பிள்ளை | 4.45

முத்திரை வாங்கினது நல்லது. அந்தப் பிரதியைப் பிளாஸ்ரிக் கவருக்க போடாதேங்கோ.

சந்திக்கடை | 2025 செப்டெம்பர் 19, இரவு 9.20

ஒரு ஆலைக்காரர் கடிதம் அனுப்பிட்டார், ரெண்டு லொறிக்கு. மற்றவர் போன் எடுக்கிறாரில்லை. சிவராத்திரி லொறி அவரின்ரதான்.

இண்டைக்குப் பின்னேரம் அந்தக் கமக்காரர் கடைக்கு வந்தவர். கொப்பியை நீட்டினன். 1,180,000 எண்ட இலக்கத்தைப் பாத்ததும் பேனையை மேசையில வைச்சிட்டார். அவரின்ர வீட்டுக்கு அஸ்வெசும உதவிக்காசு வருகுது. இவ்வளவு காசு வாங்கினதா அரசாங்கப் பேப்பரில கையெழுத்து வைச்சா அதை வெட்டிப்போடுவாங்கள் எண்டு பயம். உரம், மெசின் கூலி, கடன் எல்லாம் போக அவரின்ர கையில நிண்டது எவ்வளவெண்டு எனக்குத் தெரியும். ஆனா கொப்பியில அது இல்லையே.

வற்புறுத்தேல்லை. பிளேன்ரீ குடிச்சிட்டு 40 ரூபாவை மேசையில வைச்சிட்டுப் போட்டார். வழமையா அவரிட்ட நான் காசு வாங்கிறேல்லை.

புளியங்குளத்தான் | 9.34

அஸ்வெசுமவுக்கும் வரிக்கந்தோருக்கும் ஒரு தொடர்பும் இல்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை.

ஒட்டுசுட்டான் அக்கா | 9.41

நீ எழுதிக் குடுப்பியோ அவருக்கு?

சந்திக்கடை | 9.58

நாளைக்குக் காலமை ரெண்டாவது கணக்குத் திறக்கப் போறன், நெல்லுக்கு மட்டும். இன்னும் ஆறு நாள் கிடக்கு. விடிய அந்த ஆலைக்காரருக்கு வேற நம்பரிலயிருந்து அடிச்சுப் பாப்பம்.